அடுத்த ஃப்ரேம் எப்போது வரும்?

கேம் ஆடுவதற்கென்று விற்கப்படும் மானிட்டர் ஒன்றின் மெனுவைத் திறந்து பாருங்கள். ஒரு வரியில் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இருக்கும். வேறொரு வரியில், அசையும் காட்சியின் மங்கலைக் குறைக்கும் வசதி இருக்கும். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது: `ULMB`, `ELMB`, `DyAc`, `1ms MPRT`. முதலாவதை ஆன் செய்தால் பெரும்பாலான மானிட்டர்களில் இரண்டாவது சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் போய்விடும். இரண்டாவதை ஆன் செய்தால் முதலாவது போய்விடும். கடைக்காரரிடம் கேட்டால், “ரெண்டும் சேராது சார், அப்படித்தான்” என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஏன் சேராது என்பதற்குள் சுவாரஸ்யமான சிக்கல் ஒன்று இருக்கிறது.

முதலில் மங்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிவியில் அடியில் ஓடும் செய்தி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் இடப்பக்கமாக நகர்கின்றன. அதைப் படிக்க நம் கண்ணும் அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணின் நகர்வு தொடர்ச்சியானது. திரையில் உள்ள எழுத்து அப்படி நகர்வதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம், அதாவது ஒரு ஃப்ரேம், 16.7 மில்லிவிநாடி அசையாமல் நிற்கிறது. பிறகு சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. படம் நிற்கும் அந்த நேரத்திலும் கண் நகர்ந்துகொண்டே இருப்பதால், எழுத்து விழித்திரையில் இழுபட்டுப் பதிகிறது. வரி விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் 16 பிக்சல் அகலத்துக்குத் தீற்றலாகிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்சல் நிறம் மாறுவதற்கு நேரமே எடுக்காத திரையாக இருந்தாலும் இந்த மங்கல் இருக்கும். “1 மில்லிவிநாடி” என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பிக்சல் நிறம் மாறும் வேகம். நாம் பேசுவது, மாறிய பிறகு படம் எவ்வளவு நேரம் ஒளிர்ந்துகொண்டு நிற்கிறது என்பதைப் பற்றி. இதற்குக் கணக்கு எளிது: விநாடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் நகரும் பொருளுக்கு, ஒளிர்ந்து நிற்கும் ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் ஒரு பிக்சல் மங்கல். 144 ஹெர்ட்ஸில் படம் 6.9 மில்லிவிநாடி நிற்கும். அதே செய்தி வரியின் தீற்றல் ஏழு பிக்சலுக்குச் சற்றுக் குறைவாக வரும். பழைய பெட்டி டிவிகளில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அவற்றின் ஒவ்வொரு புள்ளியும் ஓரிரு மில்லிவிநாடி மட்டும் பளிச்சிட்டு அணைந்துவிட்டதுதான்.

அதையே எல்சிடியிலும் செய்யலாம். எல்சிடி பிக்சல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தை விடவோ மறைக்கவோ மட்டும் செய்கிறது. அந்த விளக்கை, அதாவது பேக்லைட்டை, எப்போதும் எரியவிடாமல் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு முறை மட்டும் 2 மில்லிவிநாடி மின்னவிட்டால் போதும். தீற்றல் இரண்டு பிக்சலாகச் சுருங்கும். மின்னல் வெட்டில் பார்க்கும் மரம் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறதே, அந்தத் தெளிவு. இதுதான் ஸ்ட்ரோபிங். வெளிச்சத்தில் பெரும்பகுதியை இழக்கிறோம் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

கேம் ஆடுபவர்கள் கையில் இது வந்துசேர்ந்தது ஒரு வேடிக்கை. என்விடியா 2011-இல் ‘லைட்பூஸ்ட்’ என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது முப்பரிமாணக் கண்ணாடிகளுக்காக. வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம் என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது, ஒரு படம் முழுதாக வரையப்பட்ட பிறகு மட்டும் விளக்கை மின்னவிட்டால் இரண்டு கண்களின் படங்களும் கலக்காது. முப்பரிமாண மோகம் வடிந்துபோனது. ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் காட்சியிலும் லைட்பூஸ்ட்டை ஓடவிட்டால் மங்கல் மறைகிறது என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். கனடாக்காரரான மார்க் ரெஜான், ‘பிளர் பஸ்டர்ஸ்’ என்ற தளத்தின் மூலம் அதை ஊரறியச் செய்தார்.

ஸ்ட்ரோபிங்கில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மின்னல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் 50 ஃப்ரேம்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே படம் 10 மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டு முறை பளிச்சிடும். அதற்குள் கண் கிட்டத்தட்ட 10 பிக்சல் நகர்ந்திருக்கும். ஆகவே ஒரு எழுத்து இரண்டு எழுத்தாக, 10 பிக்சல் தள்ளித் தள்ளித் தெரியும். இரண்டும் நல்ல கூர்மையாக வேறு தெரியும். ஃபிலிம் ஓடிய காலத்துத் தியேட்டர்களில் விநாடிக்கு 24 படங்களை, புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொன்றையும் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டிக் காட்டியது. மினுமினுப்பு தெரியாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. கேமரா வேகமாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் தூண்களும் மரங்களும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது அதனால்தான்.

ஆக, ஸ்ட்ரோபிங் நன்றாக வேலை செய்ய, கேம் ஒரே சீராக, திரையின் வேகத்துக்கு அப்படியே ஈடாக ஃப்ரேம் தர வேண்டும். எந்தக் கேமும் அப்படித் தருவதில்லை. வெறும் சுவரைப் பார்த்து நிற்கும்போது 140 ஃப்ரேம் வரும்; பத்துப் பேர் சண்டை போடும் இடத்துக்குள் நுழைந்தால் 90 ஆகும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்காகவே வந்ததுதான் விஆர்ஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரண்டாவது நுட்பம். பழைய முறையில் மானிட்டருக்கு ஒரு தாளக்கட்டு உண்டு. அந்தத் தாளத்துக்குள் ஃப்ரேம் வந்து சேராவிட்டால், படம் நடுவில் கிழிந்து தெரியும், அல்லது பழைய படமே இன்னொரு முறை காட்டப்பட்டு அசைவு தடுக்கும். விஆர்ஆரில் மானிட்டர் தன் தாளத்தை விட்டுக்கொடுக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு ஃப்ரேமை முடித்து அனுப்பும் அந்த நொடியில் திரை புதுப்பிக்கப்படுகிறது. 7 மில்லிவிநாடியில் வந்தால் 7-இல். 11-இல் வந்தால் 11-இல். என்விடியா 2013 அக்டோபரில் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. 2014-இல் டிஸ்ப்ளேபோர்ட் தரநிலைக்குள் இது நுழைந்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதைத் தொடர்ந்து வந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரோபிங்குக்குத் தேவை, ஒரு ஃப்ரேமுக்கு ஒரு புதுப்பிப்பு. விஆர்ஆர் தருவது சரியாக அதைத்தான். ஒன்றுக்காக ஒன்று செய்ததைப் போல இருக்கிறது. ஜி-சிங்க்குக்காக மானிட்டருக்குள் வைத்த அதே மின்சுற்றுப் பலகையில் ULMB என்ற ஸ்ட்ரோபிங் வசதியும் இருந்தது. இருந்தும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்றுதான் மெனு சொன்னது. ULMB வேலை செய்ததும் 85, 100, 120 ஹெர்ட்ஸ் என்ற நிலையான வேகங்களில் மட்டுமே.

காரணம் வெளிச்சக் கணக்கில் தொடங்குகிறது. விளக்கு விடாமல் எரிந்தால் 400 நிட்ஸ் வெளிச்சம் தரும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 2 மில்லிவிநாடி மின்னல் என்று நிலையாக வைத்துவிடுவோம். விநாடிக்கு 144 ஃப்ரேம் வரும்போது, 6.94 மில்லிவிநாடியில் 2 மில்லிவிநாடி விளக்கு எரிகிறது. கண்ணுக்குக் கிடைக்கும் சராசரி வெளிச்சம் சுமார் 115 நிட்ஸ். ஃப்ரேம் 100-ஆகக் குறைந்தால் 10-இல் 2 மில்லிவிநாடிதான். வெளிச்சம் 80 நிட்ஸுக்கு இறங்கும். 60-க்கு விழுந்தால் 48 நிட்ஸ். அதாவது கேம் திணறும்போதெல்லாம் திரையே இருண்டுபோகும்.

மெதுவாக இருண்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையில் நடப்பது அதைவிட மோசம். கேமின் ஃப்ரேம்கள் ஒன்று 8 மில்லிவிநாடியிலும் அடுத்தது 10 மில்லிவிநாடியிலுமாக மாறி மாறி வருவது சகஜம். ஃப்ரேம் கணக்குக் காட்டும் எண்ணில் இது தெரியவே தெரியாது; அது நிம்மதியாக 111 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வெளிச்சம் ஒரு ஃப்ரேமில் 100 நிட்ஸ், அடுத்ததில் 80 நிட்ஸ் என்று ஆடும். இந்த ஆட்டம் 18 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, விநாடிக்கு ஏறக்குறைய 55 முறை நடக்கும். நொடிக்கு 111 முறை மின்னுவதைக் கண் தொடர்ந்த ஒளியாக ஏற்றுக்கொண்டுவிடும். 55 முறை ஏறி இறங்குவதைப் பலரின் கண்ணும் கண்டுபிடித்துவிடும், அதுவும் வெளிர்நிறக் காட்சிகளில், ஓரப் பார்வையில்.

அப்படியானால் ஃப்ரேமின் நீளத்துக்கு ஏற்ப மின்னலின் நீளத்தையும் மாற்றினால் என்ன? எப்போதும் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம்: 8 மில்லிவிநாடி ஃப்ரேமுக்கு 2, 10 மில்லிவிநாடி ஃப்ரேமுக்கு 2.5. சராசரி வெளிச்சம் மாறாது. கணக்கு சரிதான். ஆனால் இந்த ஃப்ரேம் எத்தனை மில்லிவிநாடி திரையில் இருக்கப்போகிறது என்று மின்னும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்த ஃப்ரேம் வந்து சேரும்போதுதான் இந்த ஃப்ரேமின் ஆயுள் எவ்வளவு என்பது முடிவாகும். கிராஃபிக்ஸ் கார்டுக்கே அது முன்கூட்டித் தெரியாது. அடுத்த சம்பளம் 15 நாளில் வருமா 30 நாளில் வருமா என்று தெரியாமல் இன்றைய செலவைத் திட்டமிடுகிறவரின் நிலைமை மானிட்டருக்கு. விஆர்ஆரின் சிறப்பே, ஃப்ரேம் எப்போது வந்தாலும் சரி என்பது. ஸ்ட்ரோபிங்குக்கு, எப்போது வரும் என்று முன்பே தெரிந்தாக வேண்டும். மோதல் இந்த இடத்தில்தான்.

தப்பிக்கச் சில வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் எதையோ கேட்கிறது. கடந்த ஃப்ரேமின் நீளத்தை வைத்து அடுத்ததை ஊகிக்கலாம். ஆட்டம் சீராக இருக்கும்வரை ஊகம் பலிக்கும். திடீரென்று 7 மில்லிவிநாடி 14 ஆகும்போது வெளிச்சம் பாதியாகி, ஒரு இமைப்பு இமைத்ததைப் போலத் தெரியும். அந்தக் குறையைப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் விட்டு ஈடுகட்டலாம் என்றால், அதற்குள் கண் நகர்ந்துவிட்டது. விடும் வெளிச்சம் பழைய படத்தை இன்னொரு இடத்தில் பதிக்கும், நகரும் உருவத்துக்குப் பின்னால் ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வழி, ஒரு ஃப்ரேமை மானிட்டருக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தது வந்த பிறகு முந்தையதைக் காட்டுவது. ஆயுள் தெரிந்துவிடுவதால் கணக்கு துல்லியமாகும். ஆனால் மவுஸை அசைத்தது திரையில் தெரிய ஒரு ஃப்ரேம் தாமதமாகும். தாமதம் குறையும் என்பதற்காகவே விஆர்ஆர் வாங்கியவரிடம் இதை விற்க முடியாது.

விளக்குப் பிரச்சினை தீர்ந்தாலும் பேனல் பிரச்சினை இருக்கிறது. எல்சிடி படத்தை ஒரே நொடியில் மாற்றுவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறது. 144 ஹெர்ட்ஸ் பேனலில் இதற்கே கிட்டத்தட்ட 6.9 மில்லிவிநாடி ஆகும். எழுதிய பிறகும் பிக்சல் புதிய நிறத்துக்கு வந்து நிலைகொள்ளச் சில மில்லிவிநாடி தேவை. முழுத் திரையும் நிலைகொண்ட பிறகு, அடுத்த படம் எழுதத் தொடங்குவதற்கு முன்பு இருக்கும் சின்ன இடைவெளியில்தான் விளக்கு மின்ன வேண்டும். 144 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. பேனலால் 144 முடிந்தாலும் ULMB 120-இல் நின்றது இதனால்தான்: 8.3 மில்லிவிநாடியில் எழுதி முடித்து 1.4 மிச்சம் பிடிக்கலாம். அதுவும் போதாமல் திரையின் அடிப்பகுதியில் பழைய படத்தின் சாயல் மின்னலில் மாட்டிக்கொள்ளும். நடுப்பகுதி சுத்தமாகவும், மேலும் கீழும் நிழலாகவும் தெரியும்படி மின்னும் நேரத்தை வைப்பதுதான் வழக்கம்.

விஆர்ஆரில் இந்த இடைவெளி ரப்பரைப் போல நீளும், சுருங்கும். பேனலின் எழுதும் வேகம் மாறாது. எழுதி முடித்து அடுத்த ஃப்ரேமுக்குக் காத்திருக்கும் நேரம்தான் மாறுகிறது. ஃப்ரேம் தாமதமாக வந்தால் பிக்சல் நிலைகொள்ள நேரமே நேரம். அருமையான மின்னல் கிடைத்திருக்கும். ஆனால் காத்திருந்து மின்னலாம் என்று மானிட்டர் நினைக்கையில் அடுத்த ஃப்ரேம் வாசலில் வந்து நிற்கும். போதாதற்கு, பிக்சலை வேகமாக மாற்றக் கொடுக்கப்படும் கூடுதல் மின்னழுத்தமும், ஓவர்டிரைவ் என்பார்கள், குறிப்பிட்ட ஃப்ரேம் நீளத்துக்கு அளந்து வைத்தது. நீளம் மாறினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். தொடர்ந்து எரியும் விளக்கில் அது மங்கலோடு மங்கலாகக் கரைந்துவிடும். மின்னல் அதைப் படம்பிடித்துக் காட்டிவிடும்.

இவ்வளவும் தெரிந்தே 2019-இல் ஏசுஸ், தன் விஜி27ஏக்யூ மானிட்டரில் இரண்டையும் சேர்த்து ஓட்டும் `ELMB Sync` என்ற வசதியைக் கொடுத்தது. தைரியமான முயற்சி. வாங்கிச் சோதித்தவர்கள் பார்த்தது, நகரும் உருவங்களின் பின்னால் தெளிவான இரட்டை விளிம்பு. விளக்கு மின்னியது உண்மை. பிக்சல் தயாராகும் முன்பே மின்னியது. வசதி இருக்கிறது என்று மெனுவில் போடுவதற்கும் அதை யாராவது ஆன் செய்து வைத்திருப்பதற்கும் இடையே தூரம் உண்டு. பல கம்பெனிகள் இதைத் தொடாமல் விட்டதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரைகுறையாகக் கொடுத்துத் திட்டு வாங்குவதைவிட அந்த வரியைச் சாம்பல் நிறமாக்குவது மேல் என்று நினைத்திருப்பார்கள்.

முடிச்சை ஓரளவு அவிழ்த்தது, என்விடியா 2024 ஜனவரியில் அறிவித்த ‘ஜி-சிங்க் பல்சர்’. அதில் திரை முழுவதுக்கும் ஒரே மின்னல் இல்லை. பேக்லைட் மேலிருந்து கீழாகப் பல பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. புதிய படத்தை எழுதிக்கொண்டே வரும் வரி ஒரு பட்டையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அந்தப் பட்டை மட்டும் மின்னும். அந்த நேரத்தில் அங்கிருக்கும் பழைய பிக்சல்கள் தங்கள் முழு ஆயுளையும் வாழ்ந்து, நன்றாக நிலைகொண்டு இருக்கும். மேலே, நடுவே, கீழே என்ற வித்தியாசமும் பெருமளவு போய்விடுகிறது. மின்னல் ஃப்ரேம் நேரத்தில் கால் பங்கு. ஓவர்டிரைவும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டே வருகிறது. அறிவித்து 2 ஆண்டு கழித்து, 2026 தொடக்கத்தில்தான் இவை கடைக்கு வந்தன. 27 அங்குலம், 360 ஹெர்ட்ஸ் என்ற விலையுயர்ந்த வகை. பேனல் வேகமாக இருப்பதும் இதில் பாதி வேலையைச் செய்கிறது என்பதை மறக்கக் கூடாது: 360 ஹெர்ட்ஸ் பேனல் ஒரு படத்தை 3 மில்லிவிநாடிக்குள் எழுதி முடித்துவிடும்.

ஆனால் எந்தக் கெட்டிக்காரத்தனமும் அசைக்க முடியாத ஒரு தரைமட்டம் இருக்கிறது. ஃப்ரேம் 50-க்கு விழுந்தால், ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மின்னல் என்ற விதிப்படி விளக்கு விநாடிக்கு 50 முறை மின்ன வேண்டும். பளிச்சென்ற திரையை அருகில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தலைவலி நிச்சயம். இரண்டு முறை மின்னினால் முன்பு பார்த்த இரட்டைப் படம். அதனால் ஓரளவுக்குக் கீழே ஸ்ட்ரோபிங்கை அணைத்துவிட்டுச் சாதாரண விளக்குக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

ஓஎல்இடி திரைகளில் பேக்லைட்டே கிடையாது. அங்கே படங்களுக்கு நடுவே கருப்பைச் செருகுகிறார்கள். விதி அதேதான். எல்ஜியின் 2021 ஆண்டு சி1 டிவியில் 120 ஹெர்ட்ஸில் கருப்பு செருகும் வசதி இருந்தது, விஆர்ஆரோடு சேராது. அடுத்த ஆண்டு சி2-வில் அந்த 120 ஹெர்ட்ஸ் வசதியையே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் வேறு பாதையில் போகிறது: 480 ஹெர்ட்ஸ் ஓஎல்இடியில் ஒரு ஃப்ரேம் 2.1 மில்லிவிநாடிதான் நிற்கும், மின்னல் இல்லாமலே ஸ்ட்ரோபிங்குக்கு அருகில் வரும் தெளிவு. விநாடிக்கு 480 ஃப்ரேம் தரும் கம்ப்யூட்டர் உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கையில் இருக்கும் சாதாரண மானிட்டரில் எதை வைத்துக்கொள்வது? ஆடும் கேம் திரையின் வேகத்தைவிட அதிக ஃப்ரேமைத் தடுமாறாமல் தருமென்றால், பழைய போட்டி ஷூட்டர் கேம்கள் பல அப்படித்தான், திரையை 120-இல் நிறுத்தி ஃப்ரேமையும் 120-க்குக் கட்டிப்போட்டு ஸ்ட்ரோபிங் வைத்துப் பாருங்கள். பெரிய திறந்தவெளி உலகங்கள் கொண்ட கனமான கேம்களுக்கு விஆர்ஆர்தான். 70-க்கும் 110-க்கும் நடுவே ஆடும் ஃப்ரேமோடு ஸ்ட்ரோபிங் வைத்தால் தெளிவுக்குப் பதில் இரட்டைப் படமும் தடுக்கலும்தான் மிஞ்சும்.

சேர்த்துத் தருவதாகச் சொல்லும் மானிட்டரை வாங்குவதற்கு முன் சோதிக்க ஆசைப்பட்டால், `testufo.com` தளத்தைத் திறந்து, ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். ஜன்னலைத் திரையின் மேலே, நடுவே, கீழே என்று நகர்த்தி வைத்துப் பாருங்கள். மூன்றிடத்திலும் தட்டுக்குப் பின்னால் இரண்டாவது தட்டு இல்லையென்றால் மின்னும் நேரம் சரி. அடுத்து ஒரு கேமில் வானத்தையோ வெளிர்ச் சாம்பல் சுவரையோ பார்த்தபடி ஆளை நிறுத்திவிட்டு, கிராஃபிக்ஸ் தரத்தை ஏற்றி இறக்கி ஃப்ரேமை 140-லிருந்து 80-க்குக் கொண்டுவாருங்கள். சுவரின் வெளிச்சம் துடித்தால், அந்த மானிட்டர் அடுத்த ஃப்ரேமைத் தப்பாக ஊகிக்கிறது.